நகராத மின்சாரம்

மனித குலத்தின் அறியாமைக்கெல்லாம் மூலகாரணம் 'மாதிரி' என்கிற ஒரே ஒரு சொல்தான். இதை சுதர்சன் கண்டுபிடித்திருந்தான். பூமி ஆரஞ்சு மாதிரி, இதயம் பம்பு மாதிரி, மின்சாரம் தண்ணீர் மாதிரி என்று சொல்லிக் கொடுத்துத்தான் நாடு இந்த நிலைக்கு வந்திருக்கிறது என்பதிலும், அந்தச் சொல்லைப் பாடங்களிலிருந்து பிடுங்கி எறிந்தால் ஒரே தலைமுறையில் இந்தியா உருப்பட்டுவிடும் என்பதிலும் அவனுக்குச் சந்தேகமே இல்லை. இந்த நம்பிக்கையைத் தனக்குள் வைத்துக்கொள்ளும் பழக்கமும் அவனுக்கு இல்லை.

செகந்திராபாத்திலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில், கச்சிபௌலியில் கண்ணாடி போர்த்திய ஒரு கட்டடத்தில், விளக்கப் படங்கள் தயாரிக்கும் சின்ன அனிமேஷன் நிறுவனம் ஒன்றில் அவன் வேலை பார்த்தான். காப்பீடு ஏன் எடுக்க வேண்டும், பல்லை எப்படித் தேய்க்க வேண்டும், பாஸ்வேர்டை ஏன் பக்கத்துச் சீட்டுக்காரனிடம் சொல்லக் கூடாது என்பதையெல்லாம் மூன்று நிமிடத்தில் விளக்குகிற நிறுவனம். சுதர்சன் மதுரைக்காரன். மின்சக்திப் பொறியியலில் எம்.டெக். விசிட்டிங் கார்டில் 'அறிவியல் துல்லியப் பொறுப்பாளர்' என்று போட்டிருந்தது. அடுத்தவர் செய்த வேலையைப் பார்த்து 'இல்லை' என்று சொல்வதுதான் அந்தப் பதவியின் முழுக் கடமை. அதை அவன் ஒருநாளும் தவறவிட்டதில்லை.

அந்த 'இல்லை'களில் பெரும்பகுதி அஸ்வினியின் மேஜைக்குப் போனது. கோயம்புத்தூர்ப் பெண், அனிமேட்டர், வேலைக்குச் சேர்ந்து இன்னும் தகுதிகாண் காலம் முடியவில்லை. அது முடியும் நேரத்தில்தான் ஒரு நுகர்வோர் அறக்கட்டளை இந்தப் படத்தைக் கேட்டு வந்தது: மின்நிலையத்திலிருந்து வீட்டு மீட்டர் வரை மின்சாரம் எப்படி வருகிறது. ஜனங்கள் தங்கள் கரண்ட் பில்லைச் சந்தேகமில்லாமல் புரிந்துகொள்ள வேண்டும் என்பது நோக்கம். தெலுங்கு, இந்தி, தமிழ் என்று மூன்று மொழி. முதலில் செகந்திராபாத் லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் தமிழ்க் குடும்பங்களுக்குப் போட்டுக் காட்டுவார்கள். அவர்களுக்குப் புரிந்தால் மற்ற மொழிகளுக்கும் அறக்கட்டளையின் ஒப்புதல் கையெழுத்து.

நிறுவனத்தின் முதலாளி தினேஷ், செகந்திராபாத்தில் பிறந்து வளர்ந்த தமிழர். அவர் அஸ்வினியைக் கூப்பிட்டு விஷயத்தை எளிமையாக முடித்துவிட்டார். படத்துக்குக் கையெழுத்து ஆனால் அவள் நிரந்தரம். ஆகாவிட்டால், "பரேஷான் ஆவ நக்கோம்மா, கவலைப்படாதே, கோயம்புத்தூர்ல இல்லாத வேலையா." கோயம்புத்தூரில் இருந்த வேலை, மாமாவின் மாவுமில்லில் கணினியில் ரசீது அடிப்பது. அஸ்வினி அதை அவரிடம் சொல்லவில்லை.

அவள் முதலில் செய்த படத்தில் மின்சாரம் பஸ்ஸில் வந்தது.

மின்நிலைய வாசலில் மஞ்சள் நிறப் பெரிய பஸ்கள். ஒவ்வொன்றிலும் கையில் விளக்குப் பிடித்த பயணிகள் நெருக்கியடித்துக்கொண்டு. உயரமான கோபுரங்களின் மேல் ஒரு நெடுஞ்சாலை. ஊர் எல்லையில் துணைமின்நிலையம். அங்கே பயணிகள் இறங்கி மினிபஸ்ஸுக்கு மாறுகிறார்கள். தெருமுனை டிரான்ஸ்பார்மரில் மறுபடி இறங்கி ஷேர் ஆட்டோ. வீட்டு வாசலில் மீட்டர் ஒரு கண்டக்டர். உள்ளே போகிறவர்களின் தலையை எண்ணுகிறார். காலி ஆட்டோ திரும்பிப் போகிறது. அத்தனை பயணிகளும் தனித்தனி பைக்கில் வந்தால், எப்போதும் நெரியும் பயோடைவர்சிட்டி ஜங்ஷனில் என்ன ஆகும் என்றும் ஒரு காட்சி வைத்திருந்தாள். பஸ்ஸில் கூட்டத்தை ஏற்றினால் வண்டி குறைவு, வண்டி குறைந்தால் சாலையில் சூடு குறைவு. அதனால்தான் தொலைதூரத்துக்கு உயர் அழுத்தம்.

சுதர்சன் முழுவதும் பார்த்தான். பார்த்து முடித்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். அலுவலகத்தில் எல்லோருக்கும் அந்தத் துடைப்பின் பொருள் தெரியும்.

"மின்சாரம் என்னம்மா, டென்-ஹெச் டவுன் பஸ்ஸா?" என்று கேட்டான். பிறகு மீட்டர் கண்டக்டருக்கு விசில் உண்டா என்று கேட்டான். ஞாயிற்றுக்கிழமை சர்வீஸ் குறையுமா, பெண்களுக்கு இலவசமா என்றும் கேட்டான். பக்கத்து மேஜைகளில் சிரித்தார்கள். அவனுக்கு அது தன் அறிவியலுக்குக் கிடைத்த ஆதரவாகப் பட்டது.

அதற்கப்புறம் அவன் சொன்னவை எல்லாம் உண்மை, அதுதான் சங்கடம். வீடுகளுக்கு வருவது மாறுதிசை மின்னோட்டம். கம்பியில் இருக்கிற எலெக்ட்ரான்கள் ஊர் விட்டு ஊர் வருவதில்லை. இருந்த இடத்திலேயே முன்னும் பின்னுமாக ஆடுகின்றன, நொடிக்கு ஐம்பது தடவை. ஆடுகிற தூரம் ஒரு தலைமுடியின் பருமன்கூட இல்லை. டிரான்ஸ்பார்மருக்குள் இரண்டு கம்பிச் சுருள்கள், ஒன்றையொன்று தொடுவதில்லை. இந்தச் சுருளில் ஓட்டம் மாற மாற நடுவிலிருக்கும் இரும்பில் காந்தப்புலம் மாறும், அந்த மாற்றம் அடுத்த சுருளில் மின்னழுத்தத்தை எழுப்பும். ஆக இந்தப் பக்கத்து எலெக்ட்ரான் அந்தப் பக்கம் கால் வைப்பதே கிடையாது. வருவது ஆற்றல் மட்டும். அது கம்பியைச் சுற்றியிருக்கும் புலத்தின் வழியே கிட்டத்தட்ட ஒளியின் வேகத்தில் வருகிறது.

தன் படத்திலும் பஸ் அந்தப் பக்கம் போகவில்லையே, பயணிகள்தானே மாறுகிறார்கள், அவர்கள்தானே ஆற்றல் என்று அஸ்வினி மெதுவாகக் கேட்டாள். சுதர்சன் அதைக் கேட்கவில்லை. அப்போது அவன் வெள்ளைப் பலகையில் 'மாதிரி' என்று எழுதி அதன்மேல் சிவப்பில் பெருக்கல் குறி போட்டுக்கொண்டிருந்தான்.

உலகத்திலேயே முதல்முறையாக மின்சாரத்தைப் பற்றி உண்மையை மட்டும் சொல்லும் படம் ஒன்று கச்சிபௌலியிலிருந்து வெளிவரப் போகிறது என்று அவன் அறிவித்தான். பஸ் கிடையாது, தண்ணீர்த் தொட்டி கிடையாது, எலெக்ட்ரானுக்கு முகம் கிடையாது. சாம்பல் நிறக் கம்பிக்குள் மஞ்சள் புள்ளிகள். அவை இருந்த இடத்தில் ஆட வேண்டும். எவ்வளவு வேகமாக? நொடிக்கு ஐம்பது தடவை. ஒன்று கூடக் கூடாது, ஒன்று குறையக் கூடாது. ஆடும் தூரத்தை மட்டும் கண்ணுக்குத் தெரிகிற அளவு பெரிதாக்கிக்கொள்ள அனுமதி தந்தான். மகான்களும் சில இடங்களில் வளைந்து கொடுக்கத்தான் வேண்டியிருக்கிறது.

அஸ்வினி கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு அவன் மேஜைக்கு வந்தாள்.

"ஏனுங்ண்ணா, நம்ம படம் நொடிக்கு இருவத்தஞ்சு பிரேமுங்க. புள்ளி நொடிக்கு அம்பது தடவை போய்ட்டு வருது. ஒரு பிரேமுக்கும் அடுத்த பிரேமுக்கும் நடுவுல அது ரெண்டு தடவை போய்ட்டு வந்து அதே எடத்துல நின்னுக்குமுங்க. பாக்கறவங்களுக்கு ஒண்ணுமே அசையாது."

"அசையலைன்னா அது வீடியோவோட குறை. மின்சாரத்தோட குறை இல்ல."

"கொஞ்சம் மெதுவா ஆட்டிக் காட்டிக்கலாங்களா? நொடிக்கு ஒருக்கா?"

"ஒரு ஹெர்ட்ஸ்ல எந்த ஊர்லம்மா கரண்டு சப்ளை பண்றாய்ங்க?"

அவள் தினேஷிடம் போனாள். தினேஷ் சுதர்சனின் எம்.டெக்கை மனதில் வைத்துக்கொண்டு, அறிவியல் விஷயத்தில் தாம் தலையிடுவதில்லை என்றார். வண்ண விஷயத்திலும் பட்ஜெட் விஷயத்திலும் தலையிடுவார். மஞ்சளை இன்னும் கொஞ்சம் மங்கலாக்கச் சொன்னார்.

ஆக அஸ்வினி, தன் வேலை போவதற்கான படத்தைத் தானே, மிகுந்த கவனத்தோடு, ஒரு புள்ளிகூடப் பிசகாமல் செய்து முடித்தாள். மென்பொருளில் ஒவ்வொரு புள்ளியும் சரியாக நொடிக்கு ஐம்பது தடவை ஆடியது. திரையில் ஒன்றும் அசையவில்லை. சுதர்சன் அதை இரண்டு தடவை பார்த்துவிட்டு, இவ்வளவு நேர்மையான படத்தைத் தான் பார்த்ததில்லை என்றான்.

லாலாகுடாவில் சனிக்கிழமை மத்தியானம் திரையிடல். ரயில்வே குவார்ட்டர்ஸின் சமுதாயக் கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டு, ஜன்னல்களுக்குப் பழைய போர்வை மாட்டி இருட்டாக்கியிருந்தார்கள். ஒர்க்‌ஷாப்பிலிருந்து ஓய்வு பெற்றவர்கள், ஷிப்டு முடிந்து வந்தவர்கள், பெண்கள், சமோசா உண்டு என்று கேள்விப்பட்டு வந்த பிள்ளைகள். அறக்கட்டளையின் சார்பில் அக்ஷதா வந்திருந்தார். தெலுங்கும் ஆங்கிலமும் பேசுகிற சுறுசுறுப்பான அதிகாரி. தமிழ் கேட்டால் புரியும். கையெழுத்துப் போட வேண்டியவர் அவர்தான். அஸ்வினி லேப்டாப்போடு முன்வரிசை ஓரத்தில் உட்கார்ந்தாள். சுதர்சன் இஸ்திரி போட்ட சட்டையில் மேடையருகே நின்றான், கேள்விகளை எதிர்பார்த்து.

படம் ஓடியது. அதாவது குரல் ஓடியது.

மின்நிலையத்தில் நீராவி சுழலியைச் சுற்றுகிறது, சுழலி ஜெனரேட்டரைச் சுற்றுகிறது என்றது குரல். திரையில் ஒரு கம்பி, அதற்குள் வரிசையாகப் புள்ளிகள். மின்னழுத்தம் பல லட்சம் வோல்ட்டாக உயர்த்தப்பட்டுக் கோபுரங்களின் வழியே வருகிறது என்றது. கம்பி, புள்ளிகள். துணைமின்நிலையங்களில் படிப்படியாகக் குறைக்கப்படுகிறது, உங்கள் தெருவுக்கு வரும்போது பதினோராயிரம் வோல்ட், தெரு டிரான்ஸ்பார்மரைத் தாண்டி ஒரு பேஸில் இருநூற்று முப்பது. கம்பி, புள்ளிகள். இருநூற்று முப்பது என்று சொல்லும்போது புள்ளிகள் கொஞ்சம் மங்கின. அது தினேஷின் பங்களிப்பு. நடுவில் ஒருவர் எழுந்து, படம் நின்றுவிட்டது, யாராவது தட்டிப் பாருங்கள் என்றார். நிற்கவில்லை, ஓடிக்கொண்டுதான் இருக்கிறது என்று அஸ்வினி சொன்னாள். அவர் சந்தேகத்தோடு உட்கார்ந்தார்.

கடைசியில் குரல், சுதர்சன் தன் கையாலேயே எழுதிய வாக்கியத்தைச் சொன்னது: "மின்நிலையத்திலிருந்து ஓர் எலெக்ட்ரான்கூட உங்கள் வீட்டுக்கு வருவதில்லை."

விளக்கைப் போட்டார்கள். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. ஆழ்ந்த புரிதலின் மௌனம் என்று சுதர்சன் நினைத்தான்.

முதலில் எழுந்தவர் வள்ளியம்மாள். மூன்று தலைமுறையாக லாலாகுடா. குவார்ட்டர்ஸ் பெண்களுக்கெல்லாம் ஜாக்கெட் தைத்துக் கொடுப்பவர். கேள்வி கேட்கிற தோரணையே அவரிடம் இல்லை. தீர்ப்பை வாங்கிக்கொண்டு போக வந்தவர் போல நின்றார்.

"ஏம்பா, நான் ஒண்ணு கேக்கறேன். அங்கேருந்து எதுவும் வர்றதில்லேன்னு நீயே படத்துல சொல்லிட்டே. ஹவ்வா இல்லையா? ஆமான்னு சொல்லு."

எலெக்ட்ரான் வருவதில்லை என்று சுதர்சன் திருத்தினான்.

"கம்பிக்குள்ள இருக்கறது அங்கேயே கெடக்குது. அதையும் காட்டிட்டே. ஆடக்கூட இல்லே. அப்போ மாசாமாசம் பில்லு கைக்கு, எதுக்கு?"

கூடம் கலகலத்தது. பின்வரிசையில் செல்லப்பா எழுந்தார். ஒர்க்‌ஷாப்பில் பெட்டி பழுதுபார்த்து ஓய்வு பெற்றவர், தொழிற்சங்கத்தில் பழகிய குரல். வராத சரக்குக்குக் காசு கேட்பது எந்த ஊர் நியாயம் என்றார். வெள்ளையும் சொள்ளையுமாக ஆட்களை அனுப்பிப் படம் போட்டு ஒப்புக்கொண்ட பிறகு நாம் பில் கட்டினால் நாம்தான் முட்டாள் என்றார். இன்னொருவர் அந்தப் படத்தின் நகல் கிடைக்குமா, வக்கீலிடம் காட்ட வேண்டும் என்று அஸ்வினியை விசாரித்தார். பில்லைச் சந்தேகமில்லாமல் புரிந்துகொள்ள வேண்டும் என்ற அறக்கட்டளையின் நோக்கம், ஒரு வகையில் பார்த்தால், முழுமையாக நிறைவேறிவிட்டது. யாருக்கும் சந்தேகமே இல்லை.

சுதர்சன் கையை உயர்த்தி அமைதி கேட்டான். மின்காந்தப் புலத்தைப் பற்றிச் சொன்னான். ஆற்றல் கம்பிக்குள் அல்ல, கம்பியைச் சுற்றியிருக்கும் வெளியில் வருகிறது என்றான். அப்படியானால் மீட்டரைக் கம்பியில் ஏன் மாட்டுகிறார்கள், வெளியில் அல்லவா மாட்ட வேண்டும் என்று செல்லப்பா கேட்டார். மின்னழுத்தம், மின்னோட்டம், இரண்டின் பெருக்கல், அதைக் காலத்தால் தொகுப்பது என்று சுதர்சன் தொடர்ந்தான். பலகை ஒன்று கேட்டான், இல்லை என்றார்கள். பிள்ளைகள் சமோசாவைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்தன.

அக்ஷதா முகம் சிவந்து எழுந்தார். இந்தப் படத்தை வெளியிட்டால் தன் அறக்கட்டளைதான் கோர்ட்டுக்குப் போகும் என்று தெலுங்கில் சொன்னார். பிறகு அஸ்வினியிடம் போய், வருத்தத்தோடு, ஆனால் தெளிவாக ஆங்கிலத்தில், தன்னால் கையெழுத்துப் போட முடியாது, திங்கட்கிழமை தினேஷிடம் சொல்லிவிடுவதாகச் சொன்னார்.

அஸ்வினி படத்தை இப்படிச் செய்யச் சொன்னது யார் என்று கையை நீட்டியிருக்கலாம். நீட்டவில்லை. லேப்டாப்பை மூடி, ஒயரைச் சுற்ற ஆரம்பித்தாள், மாவுமில்லில் நாளைக்கே சேரப் போகிறவளின் நிதானத்தோடு.

சுதர்சன் அதைப் பார்த்தான். தனக்கு எதுவும் ஆகப் போவதில்லை என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. அவன் நிரந்தரம். எம்.டெக். துல்லியமும் பத்திரமாக இருந்தது. போவது அவள் வேலை மட்டும்.

வள்ளியம்மாள் இன்னும் உட்காரவில்லை. பதிலுக்காக அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். தான் வம்புக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிய வேண்டும் என்றார். வருஷக்கணக்காகக் காலால் மிதித்துத்தான் தைத்தார். முட்டி வலி என்று பையன் போன வருஷம் தையல் மெஷினில் மோட்டார் மாட்டிக் கொடுத்தான். அதிலிருந்து பில் ஏறிவிட்டது. "வெளியேருந்து ஒண்ணும் வரலேன்னா, அந்த மோட்டாரை எது சுத்துது? ஏறின பில்லு எதுக்கு? அவ்ளோதான் கேக்கறேன்."

சுதர்சன் திரும்பிப் பார்த்தான், அக்ஷதா தன் பையை எடுத்துக்கொண்டிருந்தார். மேடையை விட்டு இறங்கி வந்து, வள்ளியம்மாளுக்கு எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். கூடத்துக்குக் கேட்காத குரலில்தான் ஆரம்பித்தான்.

"அம்மா, நீங்க கால்ல மிதிக்கறப்ப, உங்க கால் எங்க போகும்?"

"எங்கேயும் போவாது. பெடல்லயே இருக்கும். முன்னே பின்னே ஆடும்."

"ஊசி வரைக்கும் போகுமா?"

"ஊசிக்குக் கால் போனா ஆஸ்பத்திரிக்கும் போவணும்."

"ஆனா துணி தைக்குது."

"தைக்குது."

"அப்ப கால் போகல. கால் செஞ்ச வேலை போச்சு." அவன் செருப்புக் காலைத் தரையில் வைத்துக் குதிகாலும் முன்பாதமுமாக அழுத்திக் காட்டினான். "பெடல் தண்டைத் தள்ளுது, தண்டு பெரிய சக்கரத்தைச் சுத்துது, பெல்ட்டு மேல இருக்கிற சின்னச் சக்கரத்தைச் சுத்துது. பெடல் பெடலாவே கெடக்கு, சக்கரம் சக்கரமாவே கெடக்கு. வேலை மட்டும் ஒண்ணுலேருந்து ஒண்ணுக்கு மாறிப் போகுது. கம்பிக்குள்ள இருக்கிற புள்ளியும் அந்த..."

இங்கே அவன் நின்றான். வேறு சொல் தேடினான். தமிழில் நிறைய சொற்கள் இருக்கின்றன. அந்த நேரத்துக்கு ஒன்றும் கைகொடுக்கவில்லை.

"...கால் மாதிரிதான்," என்றான்.

வள்ளியம்மாள் கீழே பார்த்தார். அவருடைய காலும் தரையில் ஆடிக்கொண்டிருந்தது.

முன்பு அவர் காலால் செய்ததை இப்போது அவருக்குப் பதில் வேறொரு கால் செய்கிறது என்று சுதர்சன் சொன்னான். அது மின்நிலையத்தில் இருக்கிற கால். நிலக்கரியை எரித்து நீராவியால் மிதிக்கிறார்கள். அந்தப் பெடலிலிருந்து இவர் மெஷின் வரை நீளமான பெல்ட் ஒன்று போட்டிருக்கிறார்கள். இவர் மோட்டாரைப் போட்டால் அங்கே மிதிப்பவருக்கு அந்த நிமிஷமே அந்த அளவுக்குப் பாரம் கூடும். மீட்டர் எத்தனை கால் வந்தது என்று எண்ணவில்லை. இந்த வீட்டுக்காக எவ்வளவு மிதித்தார்கள் என்பதைத்தான் எண்ணுகிறது. பாரமும் சேர்த்து, நேரமும் சேர்த்து.

"அப்போ ஏறின பில்லு என் முட்டி வலிக்கா?"

"உங்க முட்டி வலி அங்க போய்டுச்சும்மா. அதுக்குத்தான்."

வள்ளியம்மாள் யோசித்தார். பிறகு, அது பரவாயில்லை, முட்டி வைத்தியத்துக்கு ஆன செலவைப் பார்த்தால் அங்கே மிதிக்கிறவன் சல்லிசாகத்தான் மிதிக்கிறான் என்று தீர்ப்புச் சொல்லி உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்த பெண்கள் அதை அடுத்த வரிசைக்கு மொழிபெயர்த்தார்கள். சற்று நேரத்தில் கூடத்தில் பாதிப்பேருடைய கால்கள் ஆடிக்கொண்டிருந்தன.

செல்லப்பா அவ்வளவு சுலபமாக விடுகிற ஆள் இல்லை. சரி, வீட்டில் இருநூற்று முப்பது போதுமென்றால் வழியில் லட்சக்கணக்கில் எதற்கு, அந்தக் கோபுரங்களெல்லாம் யாருக்குக் கமிஷன் என்று கேட்டார்.

சுதர்சன் முன்வரிசை ஓரத்தைப் பார்க்காமல் இருக்க முயன்றான். அஸ்வினி ஒயரைச் சுற்றுவதை நிறுத்தியிருந்தாள்.

"இப்ப ஐம்பது பேர் கச்சிபௌலி போகணும்," என்று ஆரம்பித்தான், கூரையைப் பார்த்துக்கொண்டு. "ஆளுக்கொரு பைக்ல போனா ரோடு என்ன ஆகும்? அதே ஐம்பது பேரை ஒரு பஸ்ல ஏத்தினா?" அழுத்தம் என்பது ஒரு வண்டியில் எத்தனை பேர் என்பது, ஓட்டம் என்பது எத்தனை வண்டி என்பது என்றான். வண்டி இரண்டு மடங்கானால் கம்பியில் சூடாக வீணாவது நான்கு மடங்காகும். அதனால் தூரத்துக்குப் பஸ். ஊருக்குள் மினிபஸ், தெருவுக்குள் ஷேர் ஆட்டோ. டிரான்ஸ்பார்மர் என்பது பஸ் ஸ்டாண்டு. வண்டிகள் அவரவர் பக்கத்திலேயே நிற்கும், ஆட்கள் மட்டும் மாறி ஏறுவார்கள். மீட்டர்? மீட்டர் கண்டக்டர்.

"விசில் இருக்குங்களாண்ணா?" என்று முன்வரிசை ஓரத்திலிருந்து ஒரு குரல் பணிவாகக் கேட்டது.

செல்லப்பா, ஒர்க்‌ஷாப் ஆளல்லவா, பஸ்ஸுக்குப் பதில் ரயிலாக இருந்தால் இன்னும் சரியாக இருக்கும் என்று ஒரு திருத்தத்தோடு ஒப்புக்கொண்டார். வக்கீலுக்கு நகல் கேட்டவர் அதை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம் என்றார். சமோசா வந்தது.

அக்ஷதா பையைக் கீழே வைத்துவிட்டுத் தன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுதர்சன் நாற்காலியில் உட்கார்ந்ததிலிருந்து அவர் பதிவு செய்துகொண்டே இருந்திருக்கிறார். தனக்கு வேண்டியது இந்தப் படம்தான் என்றார். பெடல், பெல்ட், சக்கரம், பஸ் எல்லாம். இரண்டு வாரத்தில் தர முடியுமா என்று அவர் கேட்டது சுதர்சனிடம் அல்ல, அஸ்வினியிடம்.

"முடியுமுங்க மேடம். பஸ்ஸு ரெடியாவே இருக்குதுங்க," என்றாள் அஸ்வினி.

திங்கட்கிழமை தினேஷ் அவளைக் கூப்பிட்டு, பழைய நிபந்தனை அப்படியே என்றார்: புதுப் படத்துக்குக் கையெழுத்து ஆனால் நிரந்தரம். லாலாகுடாவில் நடந்ததை ஒரு சிறு ஆலோசனைக் கூட்டத்தில் சுதர்சன் விளக்கினான். தான் அங்கே பயன்படுத்தியது உவமை அல்ல, 'இயந்திரவியல் சமானம்' என்றும், இரண்டுக்கும் இருக்கிற அடிப்படை வேறுபாட்டைப் பிறகு ஒரு கட்டுரையாக எழுதப் போவதாகவும் சொன்னான். எல்லோரும் தலையாட்டினார்கள். கட்டுரைக்காக யாரும் அவசரப்படுத்தவில்லை.

அஸ்வினி வேலையைத் தொடங்கியபோது ஒரு சிக்கல் வந்தது. தையல் மெஷின் மிதிக்கிற பாதம் எப்படி அசையும் என்பது அலுவலகத்தில் யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. குதிகால் இறங்கும்போது விரல்கள் எழ வேண்டும், முட்டி லேசாக ஏறி இறங்க வேண்டும். வெறுமனே கற்பனையில் வரைந்தால் நடனம் ஆடுவது போல வருகிறது. நிஜமான கால் ஒன்றை வீடியோ எடுத்துக்கொண்டு அதைப் பார்த்து வரைந்தால்தான் சரியாக வரும். தானே மிதித்துத் தானே படம் எடுக்க முடியாது என்று அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள்.

சாப்பாட்டு நேரம். மற்றவர்கள் கேன்டீனுக்குப் போயிருந்தார்கள். சுதர்சன் டிபன் டப்பாவை மூடிவிட்டு எழுந்து வந்தான். ஒன்றும் கேட்காமல் அவள் எதிரே ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, ஷூவையும் சாக்ஸையும் கழற்றி ஓரமாக வைத்தான். பேண்ட்டைக் கணுக்காலுக்கு மேல் இரண்டு மடிப்பு மடித்தான்.

அஸ்வினி போனை அவன் பாதத்துக்கு நேராகப் பிடித்தாள். எவ்வளவு வேகமாக மிதிக்கட்டும் என்று அவன் கேட்டான். கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு, நொடிக்கு ஒருக்கா போதுங்ண்ணா என்றாள்.

அவன் மிதித்தான். பிறகு, கேமராவில் குரல் பதிவாகாது என்று உறுதிப்படுத்திக்கொண்டு, எலெக்ட்ரானுக்கு இரண்டு கண்ணும் சின்னதாக ஒரு வாயும் வைத்தால் பிள்ளைகளுக்கு நன்றாக இருக்குமா என்று விசாரித்தான்.